சிவகங்கை கிராஃபைட்டும் காங்கேயம் கரியும்

சூளகிரி, பேரிகை, வேப்பனப்பள்ளி, ராயக்கோட்டைப் பக்கமிருந்து செல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு லித்தியம் கைப்பழக்கம் ஏற்கெனவே உண்டு. ஓசூரில் ஏத்தர் ஸ்கூட்டர் ஓடுகிறது, பர்கூர் பக்கம் ஓலா லித்தியம் செல்லே செய்கிறது, சுற்றுவட்டார சிப்காட்டுகளில் பேட்டரி பேக் கட்டும் பட்டறைகள் பல. அந்தப் பழக்கத்தோடு சோடியம் செல்லுக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்கிறார்கள். சிவகங்கையில் டாமின் நிறுவனம் கிராஃபைட் தோண்டிச் சுத்தம் செய்கிறது. லித்தியம் செல்லின் ஆனோடும் கிராஃபைட்தான். அதையே சோடியத்துக்கும் பூசினால் என்ன, எதற்காகக் காங்கேயத்திலிருந்து கொட்டாங்குச்சிக் கரி வாங்கி ஃபர்னஸில் சுட வேண்டும்? கேள்வி நியாயமானது. அதற்குச் சொல்லப்படும் வழக்கமான பதில்தான் தவறு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. "சோடியம் பெரிசு, இடுக்கில் நுழையாது" என்ற விளக்கத்தை நம்பாதீர்கள்.

கல்லூரிப் புத்தகத்திலிருந்து யூடியூப் வரை இதைத்தான் சொல்வார்கள். கிராஃபைட்டில் கார்பன் தாள்கள் 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன. லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், சோடியத்துக்கு 1.02. ஆகவே லித்தியம் நுழைகிறது, சோடியம் நுழையவில்லை என்று முடித்துவிடுவார்கள். கேட்கச் சரியாகவே இருக்கும், பொட்டாசியத்தை நினைத்துப் பார்க்கும் வரை. பொட்டாசியம் அயனியின் ஆரம் 1.38 ஆங்ஸ்ட்ராம். சோடியத்தைவிடத் தடித்த அது கிராஃபைட்டுக்குள் தாராளமாகப் போய் KC8 என்ற சேர்மமாக உட்கார்ந்துவிடுகிறது. அதற்கும் பெரிய ரூபிடியம், சீசியம் இரண்டும் அப்படியே. பொட்டாசியம் போகும்போது தாள்கள் 5.35 ஆங்ஸ்ட்ராம் வரை விலகிக் கொடுக்கின்றன. இடைவெளி என்பது பூட்டிய கதவு கிடையாது. உள்ளே வருகிறவருக்கு ஆதாயம் இருந்தால் தாள் தானே விலகும்.

எண்ணாகப் பாருங்கள். லித்தியம் LiC6 வரை நிரம்பும், அதாவது கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி. பொட்டாசியம் KC8 வரை, 279. சோடியமோ ஏறத்தாழ NaC64-இல் நின்றுவிடுகிறது, 35. வரிசையில் நடுவில் இருப்பவன் மட்டும் தோற்கிறான். அளவு ஒன்றே காரணமாக இருந்தால் வரிசை இப்படி உடையாது.

2. ஆற்றல் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். மூன்றே எண்கள்தான்.

உலோக அணு ஒன்று கிராஃபைட்டுக்குள் போக வேண்டுமானால் தன் எலக்ட்ரானைக் கார்பன் தாளுக்குக் கொடுத்துவிட்டு அயனியாக உட்கார வேண்டும். எலக்ட்ரானைப் பிரிக்கச் செலவு இருக்கிறது. பிரிந்த அயனிக்கும் தாளுக்கும் இடையே ஏற்படும் ஈர்ப்பு வரவு. தாளை விலக்குவதும் ஒரு செலவு, உலோகக் கட்டியிலிருந்து அணுவைப் பெயர்ப்பதும் ஒரு செலவு.

எலக்ட்ரானைப் பிரிக்க லித்தியத்துக்கு 5.39 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், சோடியத்துக்கு 5.14, பொட்டாசியத்துக்கு 4.34. லித்தியத்துக்குச் செலவு அதிகம், ஆனால் அயனி சிறியது. தாளை ஒட்டி நெருங்கி உட்காருகிறது, ஈர்ப்பு பலமாக இருக்கிறது, கணக்கு லாபத்தில் முடிகிறது. பொட்டாசியம் தள்ளி உட்காருவதால் ஈர்ப்பு குறைவு. ஆனால் எலக்ட்ரானை மலிவாகக் கொடுத்துவிடுகிறது, அதனால் அதுவும் லாபம். சோடியத்தைப் பாருங்கள். லித்தியத்திலிருந்து சோடியத்துக்கு வரும்போது எலக்ட்ரான் செலவு கால் எலக்ட்ரான் வோல்ட்தான் குறைந்தது. அயனியோ நன்றாகவே பெருத்துவிட்டது. செலவு லித்தியத்துக்குப் பக்கம், வரவு பொட்டாசியத்துக்குப் பக்கம். கணக்கு நட்டத்தில் முடிகிறது. 2016-இல் அமெரிக்காவில் வில்லியம் காடார்டின் குழு கணினிக் கணக்கில் இதைக் காட்டியது. கிராஃபைட் மட்டும் என்றில்லை, பல பரப்புகளில் சோடியத்தின் பிடிப்பு அதன் குடும்பத்திலேயே பலவீனமாக இருக்கிறது, பக்கத்து வரிசையில் மெக்னீசியமும் அப்படியே என்றார்கள்.

பட்டறையில் இதற்கு என்ன அர்த்தம்? சோடியம் நிறைந்த கிராஃபைட் சேர்மம், சோடியம் உலோகத்தைவிட நிலையற்றது. அதை உருவாக்க வேண்டுமானால் சோடியம் உலோகத்தை ஒப்பிட்டுச் சுழியத்துக்குக் கீழே வோல்டேஜ் போக வேண்டும். சுழியத்துக்கு வந்தவுடன் சோடியம் என்ன செய்யும்? தாளுக்குள் போகாமல் மேலே உலோகமாகப் படிந்துவிடும். சிவகங்கை கிராஃபைட்டின் தூய்மையை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தக் கிராஃபைட்டுக்கு லித்தியம் செல்லில் வழி இருக்கலாம், சாதாரண கார்பனேட் எலக்ட்ரோலைட் ஊற்றிய சோடியம் செல்லில் இல்லை.

கேள்வி கேட்கும் பிள்ளைகள் இங்கே ஒரு விதிவிலக்கைக் கொண்டுவருவார்கள், கொண்டுவர வேண்டும். 2014-இல் ஜெர்மனியில் யாக்கே, ஆடெல்ஹெல்ம் இருவரும் கார்பனேட்டை விட்டுவிட்டு டைக்ளைம் என்ற ஈதர் கரைப்பானில் சோதித்தார்கள். அதில் சோடியம் தனியாகப் போகவில்லை, தன்னைச் சுற்றியிருந்த கரைப்பான் மூலக்கூறுகளோடு சேர்ந்து போய் வந்தது. ஆயிரம் சுற்றுக்கும் தாங்கியது. தாள்கள் மூன்று மடங்குக்கு மேல் விலகின என்று பின்னால் வந்த ஆய்வுகள் கூறின. அத்தனை பெரியது நுழைகிறது என்றால் 'இடம் இல்லை' என்ற கதைக்கு அங்கேயே முடிவு. ஆனால் கிடைப்பது கிராமுக்கு 100 ஒட்டி, அதுவும் சற்று உயர்ந்த வோல்டேஜில், கரைப்பானையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு. அறிவியலாக அழகு. நம் செல்லுக்கு உதவுவது கடினம்.

3. ஹார்ட் கார்பன் எது என்பதைச் சூட்டில் உருகுமா என்று பார்த்து அறியுங்கள்.

1951-இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், டி.என்.ஏ. படத்தால் பின்னாளில் பெயர் பெற்றவர், கரிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு வகை சூடு ஏற ஏறத் தாள்களை ஒழுங்குபடுத்திக் கிராஃபைட்டாக மாறும். இன்னொரு வகை 3,000 டிகிரி வரை போனாலும் மாறாது. பெட்ரோலியப் பிசின் சூட்டில் இளகி ஓடுகிறது, ஓடும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய நேரம் கிடைக்கிறது. அது முதல் வகை. கொட்டாங்குச்சி இளகுவதில்லை. மரமாக இருந்த நிலையிலேயே கரியாகிறது. குறுக்குப் பிணைப்புகள் அப்படியே இறுகிப்போவதால் குட்டிக் குட்டித் தாள்கள் கோணல்மாணலாக நிற்கின்றன, நடுவில் நானோமீட்டர் அளவுக் காலியிடங்கள் மாட்டிக்கொள்கின்றன. இது இரண்டாவது வகை, இதுதான் ஹார்ட் கார்பன். தாள்களின் இடைவெளி 3.7 முதல் 4 ஆங்ஸ்ட்ராம் வரை இருக்கும்.

சோடியத்துக்கு இது உதவும் என்று 2000-இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்ஸ், டான் இருவரும் காட்டினார்கள். அவர்கள் சுட்டது குளுக்கோஸ். கிராமுக்கு 300 ஒட்டிக் கிடைத்தது. அதன் உள்கட்டமைப்புக்குச் சீட்டுக்கட்டு வீடு என்று பெயர் வைத்தார்கள்.

4. வோல்டேஜ் கோட்டைப் படிக்கப் பழகுங்கள். முதல் மாதம் வேறொன்றும் வேண்டாம்.

சோடியத்தை ஹார்ட் கார்பனுக்குள் மெதுவாகச் செலுத்தினால் கோட்டில் இரண்டு பகுதிகள் தெரியும். ஒரு வோல்ட்டிலிருந்து 0.1 வோல்ட் வரை சரிவாக இறங்கும். அதன் பின் 0.1-க்குக் கீழே தரை போல நீண்டு போகும். சரிவில் சோடியம் தாள்களின் குறைகளிலும் விளிம்புகளிலும் ஒட்டுகிறது, விரிந்த இடைவெளிகளில் கொஞ்சம் நுழைகிறது. தரைப் பகுதியில் மூடிய துளைகளுக்குள் கொத்தாக, ஏறத்தாழ உலோகம் போலவே சேர்கிறது. எந்தப் பகுதியில் சரியாக எது நடக்கிறது என்று ஆய்வாளர்கள் இருபது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். துளை நிரம்புவதுதான் தரைப் பகுதியில் பெரும்பங்கு என்ற பக்கம் என் கை சாய்கிறது. அதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு.

உங்களிடம் ஒரு கரி இருக்கிறது, ஹீலியம் வாயுவை வைத்து அடர்த்தி அளந்தால் 1.6 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபைட்டின் அடர்த்தி 2.26. ஹீலியமே நுழைய முடியாத காலியிடம் உள்ளே இருப்பதால்தான் இந்த வித்தியாசம். ஒரு கிராம் கரி அடைக்கும் கன அளவு 1-ஐ 1.6-ஆல் வகுத்தால் 0.625 கன சென்டிமீட்டர். அதே கார்பன் கிராஃபைட்டாக இருந்தால் 0.442. மிச்சம் 0.183, அதுதான் மூடிய துளை. அதில் முழுக்கச் சோடியத்தை நிரப்பினால், சோடியத்தின் அடர்த்தி 0.97, எடை சுமார் 0.178 கிராம். ஒரு கிராம் சோடியம் 1,166 மில்லி ஆம்பியர் மணி தரும். பெருக்கிப் பாருங்கள், 207 வருகிறது. நல்ல ஹார்ட் கார்பனின் தரைப் பகுதி இருநூறை ஒட்டித்தான் நிற்கும். இது உச்ச வரம்பு, எல்லாத் துளையும் நிரம்பாது. ஆனாலும் உங்கள் கரியின் தரைப் பகுதி 80-இல் நின்றால், முதலில் ஹீலியம் அடர்த்தியை அளந்துவிட்டு வாருங்கள் என்பேன்.

5. ஆக்டிவேட்டட் கார்பன் வேறு, ஹார்ட் கார்பன் வேறு. தமிழ்நாட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சிப் பக்கம் கொட்டாங்குச்சிக் கரி மூட்டை மூட்டையாகப் போவது பெரும்பாலும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்யத்தான். தண்ணீர் வடிகட்டவும் தங்கம் பிரிக்கவும் அது உலகம் முழுக்கப் போகிறது. ஆகவே நம் ஆட்களுக்குக் கரி என்றால் துளை, துளை என்றால் தரம் என்று பழகிவிட்டது. சுமார் 900 டிகிரியில் நீராவி விட்டுக் கரியை அரித்தால் ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு திறக்கும். அதையே சோடியம் செல்லில் பூசினால் தலைகீழாக முடியும்.

திறந்த துளைக்குள் எலக்ட்ரோலைட் நேராகப் புகுந்துவிடும். புகுந்த இடமெல்லாம் சிதைந்து படலமாகப் படியும். அந்தப் படலம் சோடியத்தைத் தின்றுதான் வளர்கிறது, தின்றது திரும்பி வராது. நமக்கு வேண்டியது சுரைக்குடுக்கை மாதிரியான துளை. வாய் குறுகல், வயிறு அகலம். சோடியம் அயனி தன் கரைப்பானைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போகும், எலக்ட்ரோலைட் வெளியே நிற்கும். நைட்ரஜன் வாயுவில் பரப்பு அளக்கும்போது சில சதுர மீட்டர்தான் காட்ட வேண்டும், பத்தைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும். கரி விற்பவர் "ஆயிரத்து இருநூறு சார், ஏ ஒன் சரக்கு" என்று சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இதன் விலை என்ன என்று முழு செல்லில் கணக்குப் போடலாம். நல்ல கரி ஒன்று. முதல் தடவை கிராமுக்கு 350 உள்ளே போய் 300 திரும்புகிறது, இழப்பு 50. உங்கள் கேத்தோடு கிராமுக்கு 120 தருவது என்றால், ஒரு கிராம் கரிக்கு சுமார் 0.4 கிராம் கேத்தோடு இந்த இழப்புக்காகவே செத்த எடையாகச் செல்லில் கிடக்கும். துளை திறந்த கரியில் 600 போய் 240 திரும்பினால் இழப்பு 360. செத்த எடை 3 கிராம். கரியைவிட மூன்று மடங்கு கேத்தோடு சும்மா! இந்தக் கணக்கு காயின் செல்லின் அரை செல்லில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எதிரே சோடியம் உலோகம் கணக்கில்லாமல் இருக்கிறது, எவ்வளவு தின்றாலும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் சுற்றிலிருந்து வரைபடம் போட்டு "99 சதவீதம்" என்று காட்டுகிறவரிடம் முதல் சுற்று எங்கே என்று கேளுங்கள்.

6. சுடுவதில் அவசரம் வேண்டாம்.

சந்தையில் வாங்கும் கொட்டாங்குச்சிக் கரி பாதிதான் வெந்தது. அதில் சாம்பல் இருக்கிறது, சாம்பலில் பொட்டாசியம் அதிகம். கழுவாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றினால் அந்தப் பொட்டாசியமே கரியை அரித்துத் துளையைத் திறந்துவிடும். நீராவி போடாமலேயே ஆக்டிவேட்டட் கார்பன் கிடைக்கும், வேண்டாத இடத்தில். எனவே முதலில் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, கழுவிய நீர் நடுநிலைக்கு வரும் வரை அலசி, காயவைக்க வேண்டும். உமியை எடுத்துக்கொண்டால் பிரச்சினை பொட்டாசியத்தைவிட சிலிக்கா, அதற்கு அமிலம் போதாது, காரம் வேண்டும்.

பொடிக்க வேண்டியதைக் கடைசிச் சூட்டுக்கு முன்பே பொடித்துவிடுங்கள். 1,300 டிகிரியில் சுட்டு எடுத்த பிறகு ஆசையாக மில்லில் போட்டு அரைத்தால், மூடி வைத்த துளைகளை நீங்களே உடைத்துத் திறக்கிறீர்கள். பரப்பு ஏறும், முதல் சுற்று இறங்கும். துகள் ஐந்து முதல் பத்து மைக்ரான் இருந்தால் பூச வசதி.

சூடு எவ்வளவு என்பதில் பொதுவாக 1,200 முதல் 1,400 வரை முயன்று பார்ப்பார்கள். ஆயிரத்தில் நிறுத்தினால் குறைகள் அதிகம், சரிவுப் பகுதி நீளம், தரைப் பகுதி குட்டை, முதல் சுற்று இழப்பும் அதிகம். சூடு ஏற ஏறக் குறைகள் ஆறித் துளைகள் மூடித் தரைப் பகுதி வளரும். மேலும் மேலும் போனால் தாள்கள் நெருங்கி, துளை வாய் முற்றிலும் அடைபட்டு, சோடியமே உள்ளே போக வழியில்லாமல் கொள்ளளவு திரும்ப இறங்கும். உச்சி எங்கே என்பது உங்கள் சரக்கைப் பொறுத்தது. நூறு டிகிரி இடைவெளியில் தொகுதிகள் சுட்டுப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

ஃபர்னஸில் குவார்ட்ஸ் குழாய் இருந்தால் 1,100-க்கு மேல் நினைக்காதீர்கள், வெளுத்து உதிர்ந்துவிடும். அலுமினா குழாய் வேண்டும். அதை நிமிடத்துக்கு ஐந்து டிகிரிக்கு மேல் வேகமாக ஏற்றினாலோ இறக்கினாலோ கீறல் விடும். ஆர்கான் ஓட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆறும் வரை நிறுத்தக் கூடாது. கசிவு இருந்தால் படகின் ஓரத்துக் கரி சாம்பல் நிறத்தில் வெளுத்திருக்கும், எடையும் எதிர்பார்த்ததைவிடக் குறையும். அந்தத் தொகுதியை அளந்து நேரம் வீணாக்க வேண்டாம். எக்ஸ்ரே போட்டால் நல்ல ஹார்ட் கார்பன் 23 டிகிரி பக்கம் அகன்ற மேடாகத் தெரியும். 26.5-இல் கூரான முள் ஒன்று எழுந்தால் எங்கோ கிராஃபைட் கலந்திருக்கிறது.

7. வேகச் சோதனையில் அரை செல் பொய் சொல்லும்.

மெதுவான மின்னோட்டத்தில் 300 தந்த கரி, பத்து மடங்கு மின்னோட்டத்தில் 100 தருகிறது என்று சோகமாக வருவார்கள். பாதிக் குற்றம் கரியுடையது இல்லை. தரைப் பகுதி முழுக்க 0.1 வோல்ட்டுக்குள் அடங்கியிருக்கிறது. எதிரே இருக்கும் சோடியம் உலோகத்தின் மேல் படலம் தடித்துக் கிடப்பதால் மின்னோட்டம் ஏறும்போது அங்கேயே பல பத்து மில்லி வோல்ட் வீணாகிறது. கருவி இரண்டுக்கும் சேர்த்துத்தான் அளக்கிறது. கரி இன்னும் 0.08-இல் இருக்கும்போதே செல் சுழியத்தைத் தொட்டதாகக் கணக்காகி நிறுத்தப்படுகிறது, தரைப் பகுதி தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. மூன்றாவது மின்முனை வைத்த செல் செய்து பாருங்கள், அல்லது முழு செல்லில் பாருங்கள். அதே கரி எவ்வளவோ மேலாகத் தெரியும்.

8. ஆனால் அதே 0.1 வோல்ட் முழு செல்லில் ஆபத்து.

தரைப் பகுதிக்கும் சோடியம் உலோகமாகப் படிவதற்கும் நடுவே இருப்பது சில பத்து மில்லி வோல்ட்தான். வேகமாக ஏற்றினால், அல்லது தை மாதத்து ஓசூர்க் குளிரில் ஏற்றினால், அந்த இடைவெளி கரைந்துவிடும். தெரிந்துகொள்ள ஒரு வழி, ஏற்றி முடித்து ஓய்வில் விட்டு வோல்டேஜைப் பாருங்கள். சீராக இறங்கி அமராமல் நடுவே ஒரு சிறு படி தெரிந்தால், படிந்த சோடியம் மெல்ல உள்ளே போகிறது என்று பொருள். உறுதிசெய்ய க்ளவ் பாக்ஸுக்குள் செல்லைத் திறக்க வேண்டும். கரிப் பூச்சின் மேல், குறிப்பாக ஓரத்தில், வெள்ளி நிறத் திட்டுகள் இருக்கும். ஆனோடின் கொள்ளளவைக் கேத்தோடைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வைப்பதும், பூச்சின் ஓரம் கேத்தோடின் ஓரத்தைத் தாண்டி நிற்பதும் இதற்காகத்தான். லித்தியம் வரிசையில் ஏற்கெனவே செய்வதுதான், இங்கே தயவு இன்னும் குறைவு.

9. ஃபாயிலும் கன அளவும்.

லித்தியம் ஆனோடுக்குச் செம்பு ஃபாயில் கட்டாயம், ஏனென்றால் தாழ்ந்த வோல்டேஜில் லித்தியம் அலுமினியத்தோடு கலப்புலோகமாகிவிடும். சோடியம் கலக்காது. ஆகவே இரண்டு பக்கமும் அலுமினியம் போதும். காசு மிச்சம், எடை மிச்சம், செல்லைச் சுழிய வோல்ட் வரை இறக்கி லாரியில் ஏற்றலாம். ரிலையன்ஸ் 2021 இறுதியில் 10 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக அறிவித்த இங்கிலாந்தின் ஃபாரடியன் நிறுவனம் தன் ஹார்ட் கார்பன் செல்களைப் பற்றிச் சொன்ன பெருமைகளில் இதுவும் ஒன்று.

இனி நட்டக் கணக்கு. அழுத்தி உருட்டிய கிராஃபைட் பூச்சின் அடர்த்தி சுமார் 1.6, ஹார்ட் கார்பன் பூச்சு 1 ஒட்டி. ஒரு கன சென்டிமீட்டரில் கிராஃபைட் 590-க்கு மேல் தரும் இடத்தில் ஹார்ட் கார்பன் 300 தரும். பாதி. உருளையை இன்னும் அழுத்தி ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், அது கிராஃபைட் போல வழுக்கி அமராது, துகள் உடையும் அல்லது பூச்சு உரிந்து வரும். சீனாவின் சி.ஏ.டி.எல். 2021-இல் அறிவித்த முதல் சோடியம் செல் கிலோவுக்கு 160 வாட் மணி. எடையில் அது மோசமில்லை. இருக்கைக்கு அடியில் இடம் தேடும் ஸ்கூட்டருக்கு இந்தச் செல் இன்றைக்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. செல்போன் டவர், இன்வெர்ட்டர், சூரிய மின் சேமிப்பு, இடம் இருக்கும் சரக்கு ஆட்டோ, இவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

10. சோடியத்தைத் தொடும் முன்.

காயின் செல்லுக்காகச் சோடியம் கட்டியை வெட்டுவீர்கள். வெட்டியவுடன் வெள்ளிபோல் மின்ன வேண்டும். க்ளவ் பாக்ஸுக்குள்ளேயே சில நிமிடத்தில் மங்கினால் பெட்டியின் ஈரம் ஏறியிருக்கிறது, அன்றைக்குச் செல் கட்டாதீர்கள். பூசிய ஆனோடையும் 120 டிகிரியில் வெற்றிட அடுப்பில் இரவு முழுக்க வைத்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள், ஹார்ட் கார்பன் காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும்.

வெட்டி மீந்த துண்டுகளை, கத்தி துடைத்த தாளை, பிரித்த செல்லின் உள்ளிருப்பதை, குப்பைக் கூடையிலோ கை கழுவும் தொட்டியிலோ போடக் கூடாது. காற்றோட்டக் கூண்டுக்குள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சிறு சிறு துண்டாக விட்டு, குமிழி முழுக்க நிற்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே கழிவுக் கேனில் ஊற்றுங்கள். தீப்பிடித்தால் தண்ணீரும் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேண்டாம். காய்ந்த மணல் வாளி கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேலையில் சேரும் முதல் நாள், ஃபர்னஸைப் பார்க்கும் முன் அந்த வாளி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.